கணக்கை மாற்றுமுன்: எண்ணிக்கை, பாட்டு, தொடர்பு எண்

புதுவையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே வேலை தொடங்கிவிடும் தொழில்களில் ஒன்று திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். கூபர் அவென்யூ கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டி ஓடாது. சூரியன் கடலிலிருந்து நேராக எழும். ஏழு மணி ஆனதும் ரோமன் ரோலண்ட் வீதி, துமாஸ் வீதியின் மஞ்சள் சுவர்களில் சாய்வெயில் விழும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முதல்நாள் இரவே வந்து தங்கிய ஜோடிகள் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வருகிறார்கள். அவர்கள் போட்டோகிராபரைத் தேடுவது இன்ஸ்டகிராமில்.

அதனால் இந்த அத்தியாயத்துக்கு அப்படி ஒரு போட்டோகிராபரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கடை கிடையாது. வீடு முத்தியால்பேட்டையில். கேமராவும் ஒரு உதவியாளரும்தான் முதலீடு. ஐந்து வருடமாக ஒரே இன்ஸ்டகிராம் கணக்கு. அதில் குடும்பப் படமும் இருக்கிறது, தொழில் படமும் இருக்கிறது. பின்தொடர்வோர் ஆயிரத்துச் சொச்சம். 'புரொஃபஷனல் கணக்காக மாற்று' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றினால் என்ன வரும், என்ன போகும்?

புரொஃபஷனல் கணக்கு என்பது இரண்டு வகை: கிரியேட்டர், பிசினஸ். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பொதுவாக எல்லோரும் பார்ப்பது 'எது பெரியது' என்பதை. பார்க்கவேண்டியது வேறு: உங்கள் ரீல்ஸில் எந்தப் பாட்டு ஓடுகிறது, வாடிக்கையாளர் உங்களிடம் எப்படி வந்து சேரவேண்டும் என்ற இரண்டை. எண்ணிக்கைத் தகவல் இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே முடிவை அதை வைத்து எடுக்கவேண்டாம்.

மாற்றும் வழியும் அதற்கு முன் செய்யவேண்டியதும்

உங்கள் பக்கத்தில் வலது மேல்மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். அங்கே Account type and tools என்ற பகுதிக்குள் Switch to professional account இருக்கும். அடுத்தடுத்து வரும் அறிமுகத் திரைகளைத் தாண்டினால் உங்கள் தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நமது போட்டோகிராபர் Photographer என்று கொடுப்பார். அந்த வகைப் பெயர் பக்கத்தில் பெயருக்குக் கீழே தெரியவேண்டுமா என்பதையும் அதே திரையில் முடிவு செய்யலாம். பிறகுதான் Creator, Business என்ற கேள்வி வரும். அதற்குப் பின் தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சரிபார்க்கும் திரை. இந்தத் திரையில் நிதானம் வேண்டும். ஏன் என்பதைத் தொடர்பு பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புரொஃபஷனல் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது. இதுவரை பிரைவேட்டாக இருந்த கணக்கு, மாறியதும் உலகம் முழுவதும் பார்க்கக்கூடியதாகிவிடும். அனுமதி கேட்டுக் காத்திருந்த கோரிக்கைகளும் தாமாகவே ஏற்கப்படும். வேண்டாதவர் என்று நீங்கள் மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்த ஒருவர் அந்தக் கணமே உங்களைப் பின்தொடர்பவர் ஆகிவிடுவார். ஆகவே மாற்றுவதற்கு முதல்நாள் உட்கார்ந்து, காத்திருக்கும் கோரிக்கைகளில் வேண்டாததை நீக்குங்கள். குழந்தைகளின் படம், வீட்டு வாசல் தெரியும் படம், மருத்துவமனைப் படம் எல்லாவற்றையும் ஆர்க்கைவுக்குத் தள்ளுங்கள். ஆர்க்கைவில் போட்டது அழியாது, மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

குடும்பப் படங்கள் நிறைய இருந்தால் என் யோசனை வேறு. பழைய கணக்கை வீட்டுக்கு விட்டுவிட்டுத் தொழிலுக்குப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். ஒரே செயலியில் ஐந்து கணக்குகள் வரை மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஆயிரம் பின்தொடர்வோரை விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அந்த ஆயிரத்தில் முக்கால்வாசி சொந்தக்காரரும் பள்ளித் தோழர்களுமாக இருந்தால், தொழில் கணக்கின் எண்ணிக்கைத் தகவல் முழுவதும் அவர்களைப் பற்றியதாகவே இருக்கும். பிறகு அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

எண்ணிக்கை என்ன சொல்கிறது

தனிக்கணக்கில் ஒரு ரீல்ஸை எத்தனை முறை பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது தெரியும். புரொஃபஷனல் கணக்கில் இன்சைட்ஸ் என்ற பகுதி திறக்கும். பார்த்தவர்களில் எத்தனை விழுக்காடு உங்களைப் பின்தொடராதவர்கள், எந்த ஊர்க்காரர்கள், என்ன வயது, உங்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் தொடர்புப் பொத்தானைத் தொட்டார்கள் என்பதெல்லாம் அங்கே வரும். பின்தொடர்வோரின் ஊர், வயது விவரம் தெரிய குறைந்தது 100 பேர் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். செயலியில் கோளாறு என்று நினைக்கவேண்டாம்.

இன்சைட்ஸ் பின்னோக்கிப் போகாது. மாற்றிய நாளுக்கு முன் போட்ட பதிவுகளுக்கு இந்த விவரம் கிடைக்காது. மறுபடி தனிக்கணக்குக்குத் திரும்பினால் அதுவரை சேர்ந்த விவரமும் போய்விடும். அதனால்தான் சீசன் தொடங்கியபின் மாற்றுவது வீண் என்கிறேன். புதுவைக்கு டிசம்பர், புத்தாண்டுக் கூட்டம்தான் பெரிது. செப்டம்பர், அக்டோபரிலேயே மாற்றிவிட்டால், கூட்டம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண மாதங்களின் கணக்கு கையில் இருக்கும். திரும்பிப் போக நினைத்தால், போகுமுன் தேவையான திரைகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போட்டோகிராபரின் இரண்டு வாரத்தைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதல் வாரம் அவர் போட்டது ரோமன் ரோலண்ட் வீதியில் சேலைத் தலைப்பு காற்றில் பறக்கும் ஒரு ரீல்ஸ். அந்த வாரம் Views 18,000. Accounts reached 11,000. பக்கத்துக்கு வந்தவர்கள் 140 பேர். தொடர்புப் பொத்தானைத் தொட்டது 9 முறை. அடுத்த வாரம் ரீல்ஸ் இல்லை. ஐந்து படங்களை அடுக்கி, ஒரு மணி நேர ஷூட்டில் எத்தனை இடம் போகலாம், எத்தனை படம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு என்று எழுதி ஒரு பதிவு. Views 2,400. Accounts reached 1,700. பக்கத்துக்கு வந்தவர்கள் 210. தொடர்புப் பொத்தான் 26.

முதலில் Views, Accounts reached இரண்டையும் பிரித்துப் பாருங்கள். Views என்பது பார்வைகளின் எண்ணிக்கை. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று. Accounts reached என்பது தனித்தனிக் கணக்குகள். 18,000 பார்வை என்று கல்யாண மண்டபக்காரரிடம் சொன்னால் அவர் 18,000 பேர் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் 11,000 பேர்தான். அடுத்து, அந்த 11,000 பேரில் பக்கத்துக்கு வந்தவர் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இரண்டாவது வாரம் 1,700 பேரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். முதல் வாரத்தைக் கண்டு மகிழ்ந்து, அதேபோல இன்னும் பத்து ரீல்ஸ் எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. வாடகை கட்டும் பணம் இரண்டாவது வாரத்திலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டைத் தனிக்கணக்கில் பார்க்கவே முடியாது. கணக்கை மாற்றுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

ரீல்ஸ் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். முதல் வாரத்தில் பார்த்தவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் விலை கேட்டிருக்கலாம். ஆகவே ஒரு வாரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், காலவரம்பை 30 நாளாகவும் 90 நாளாகவும் மாற்றிப் பாருங்கள். விலைப் பதிவு போடாத மாதத்தில் தொடர்புப் பொத்தான் அடங்கிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். அடங்கியிருந்தால் உங்கள் பக்கத்தில் அழகு இருக்கிறது, விவரம் இல்லை.

Most active times என்ற பகுதியைப் பார்த்து அந்த மணிக்குத்தான் பதிவு போடவேண்டும் என்று பலர் அலைகிறார்கள். அது உங்களைப் பின்தொடர்பவர்கள் செயலியில் இருக்கும் நேரத்தை மட்டுமே காட்டுகிறது. போட்டோகிராபரின் ரீல்ஸைப் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்தொடராதவர்கள் என்றால், அந்த நேரம் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஊர்ப் பட்டியல் அதைவிடப் பயன்படும். பின்தொடர்பவர்களில் முதலிடம் புதுவைக்கும், பார்த்தவர்களில் முதலிடம் சென்னைக்கும் இருந்தால், உங்கள் பதிவில் 'ஈஸ்வரன் கோயில் பக்கம்' என்று மட்டும் எழுதினால் போதாது. சென்னையிலிருந்து எத்தனை மணி நேரம், எங்கே தங்குவது, எங்கே உடை மாற்றுவது என்று வெளியூர்க்காரருக்காக எழுதவேண்டும்.

புரொஃபஷனல் கணக்கில் பதிவுகளை 75 நாள் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கவும் முடியும். விடியற்காலை ஷூட்டில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

பாட்டு: இங்கேதான் இரண்டு வகையும் பிரிகின்றன

கிரியேட்டர் கணக்கில் பாட்டுத் தேடினால் தனிக்கணக்கில் வந்த சினிமாப் பாட்டுகள் வரும். பிசினஸ் கணக்கில் தேடினால் அவை பெரும்பாலும் வராது. அதற்குக் கிடைப்பது Meta Sound Collection என்ற உரிமைச் சிக்கல் இல்லாத இசைத் தொகுப்பு. அதில் நல்ல இசை இருக்கிறது. ஆனால் ஜோடி கேட்கும் பாட்டு இருக்காது. மாற்றிய மறுநாள் பல கடைக்காரர்கள் 'என் போனில் பாட்டு போய்விட்டது' என்று செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். அதனால் பயன் இல்லை. கணக்கின் வகைதான் காரணம். பிசினஸுக்கு மாறியபின் ரீல்ஸ் ஓடவில்லை என்ற புலம்பலுக்கும் பெரும்பாலும் இதுவே அடிப்படை என்பது என் எண்ணம்: எல்லோரும் பயன்படுத்தும் பாட்டு உங்கள் ரீல்ஸில் இல்லாமல் போய்விட்டது.

ஏன் இப்படி? பாட்டின் உரிமை ஆடியோ நிறுவனங்களிடமும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் பக்கமும் இருக்கிறது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பங்கு வைத்திருக்கும் சரிகமா நிறுவனத்துடன் ஃபேஸ்புக் 2020 ஜூனில் ஒப்பந்தம் செய்தது. மற்ற நிறுவனங்களுடனும் இத்தகைய ஒப்பந்தங்கள் உண்டு. மெட்டாவின் இசை விதிகள் அந்த உரிமையைத் தனிமனிதர் தம் மகிழ்ச்சிக்காகப் பகிரும் காணொளிக்கு மட்டுமே நமக்குத் தருகின்றன. வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால், உரியவரிடம் தனியாக அனுமதி வாங்கியிருக்கவேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. பிசினஸ் கணக்கு என்று நீங்களே சொல்லிக்கொண்டதால் பட்டியல் பூட்டப்படுகிறது.

இங்கே ஒரு தவறான புரிதல் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. 'கிரியேட்டர் கணக்கு வைத்துக்கொண்டால் எந்தப் பாட்டையும் போடலாம்' என்கிறார்கள். போட முடியும் என்பது உண்மை. போடும் உரிமை வந்துவிட்டது என்பது உண்மையல்ல. விதி கணக்கின் வகையைப் பற்றியது மட்டுமல்ல, பயன்பாட்டைப் பற்றியது. போட்டோகிராபர் தான் ரசித்த ஒரு மழைக்காலைக் காட்சிக்குச் சினிமாப் பாட்டு வைப்பது ஒன்று. 'டிசம்பர் சலுகை, ஒரு மணி நேர ஷூட் இவ்வளவு ரூபாய்' என்ற ரீல்ஸுக்கு அதே பாட்டை வைப்பது இன்னொன்று. இரண்டாவது விளம்பரம்.

இது வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளின் கவலை என்று ஒதுக்கவேண்டாம். 2024 மே மாதம் சோனி மியூசிக் நிறுவனம் மேரியட் ஓட்டல் குழுமத்தின்மீது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. சமூக ஊடகப் பதிவுகளில் தன் பாட்டுகள் அனுமதியின்றி 931 முறை பயன்பட்டதாகக் கணக்குக் காட்டியது. தலைமை அலுவலகம் போட்ட பதிவுகள் மட்டுமல்ல, தனித்தனி ஓட்டல்கள் போட்டவையும் விளம்பரத்துக்காக அமர்த்தப்பட்ட இன்ஃப்ளூயன்சர்கள் போட்டவையும் அதில் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. நம் போட்டோகிராபருக்கு இதில் கவனிக்கவேண்டியது கடைசிப் பிரிவு: வைட் டவுனில் ஒரு தங்கும் விடுதி அவருக்குப் பணம் கொடுத்து ரீல்ஸ் எடுக்கச் சொன்னால், அவருடைய கணக்கு கிரியேட்டராக இருப்பது விடுதிக்கும் காப்பு இல்லை, அவருக்கும் காப்பு இல்லை.

நடைமுறையில் முதலில் இடிக்கும் இடம் நீதிமன்றம் அல்ல, Boost பொத்தான். நன்றாக ஓடிய ரீல்ஸை ஐந்நூறு ரூபாய் செலவழித்து இன்னும் பலருக்குக் கொண்டுபோகலாம் என்று தொடுவீர்கள். உரிமையுள்ள பாட்டு இருப்பதால் முடியாது என்று செயலி மறுத்துவிடும். போட்டபின் பாட்டை மாற்றி அதே பதிவை விளம்பரமாக்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள். புதிதாக ஏற்றவேண்டி வந்தால், சேர்ந்த விருப்பமும் கருத்தும் பழையதோடு நின்றுவிடும். ஆகவே எடிட் செய்யும்போதே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்: பாட்டில்லாத சுத்தப் பிரதி ஒன்று, பாட்டுடன் ஒன்று. விளம்பரம் செய்யப்போகும் எதையும் சுத்தப் பிரதியிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு குறுக்கு வழி, வேறு யாரோ 'ஒரிஜினல் ஆடியோ' என்று ஏற்றிய சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்வது. பிசினஸ் கணக்கிலும் அது சிலசமயம் கிடைத்துவிடும். ஆனால் ஒலியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் முறை அதைப் பிடித்தால் உங்கள் ரீல்ஸ் ஊமையாகிவிடும். பார்வைகள் ஓடிக்கொண்டிருந்த பதிவு திடீரென நின்றால் முதலில் ஒலி இருக்கிறதா என்று வேறொரு கைபேசியில் கேளுங்கள். பிறகு அமைப்புகளில் Account Status பகுதியைத் திறந்து எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் எதைப் போடுவது? புதுவையில் இதற்குப் பஞ்சமில்லை. பாறைகளில் அலை மோதும் ஓசையை நீங்களே பதிவு செய்யலாம். சைக்கிள் மணி, கொலுசு, விடியலில் வீதி பெருக்கும் சத்தம் எல்லாம் ஷூட்டின்போதே கிடைப்பவை. பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்து எழுதிய ஊர் இது. அவர் 1921இல் மறைந்தார். ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கு. அது எப்போதோ முடிந்துவிட்டது. பாரதிதாசன் 1964இல் மறைந்தார். அவருடைய எழுத்துக்கும் 2024 முடிவோடு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே ஊரில் பாடத் தெரிந்த ஒருவரிடம் அவர்கள் பாடலைப் புதிய மெட்டில் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். பாடியவருக்கு உரிய பணம் கொடுத்து, விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வரிகள் எல்லோருக்கும் உரியவை என்பதால் சினிமாவில் வந்த மெட்டும் ஒலிப்பதிவும் எல்லோருக்கும் உரியவை ஆகிவிடாது. பாரதி பாடலே ஆனாலும் படத்திலிருந்து எடுத்த ஒலிக்கு வேறொருவர் உரிமையாளர்.

தொடர்பு: எண்ணைக் கொடுப்பதற்கு முன்

தனிக்கணக்கில் உங்களைத் தொடர்புகொள்ள இருக்கும் பொத்தான் செய்தி அனுப்புவதற்கு மட்டுமே. புரொஃபஷனல் கணக்கில் பெயருக்குக் கீழே தொடர்புப் பொத்தான் வரும். கிரியேட்டர் என்றால் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வைக்கலாம். பிசினஸ் என்றால் அவற்றோடு கடையின் முகவரியும் வைக்கலாம். முகவரியைத் தொட்டால் வரைபடம் திறந்து வழி காட்டும். வாட்ஸ்அப் எண்ணை இணைத்து அதற்கென்று தனிப் பொத்தானும் வைத்துக்கொள்ளலாம்.

வைட் டவுனில் நான்கு அறை விடுதி நடத்துபவருக்கு இந்த முகவரிப் பொத்தான் மிக முக்கியம். இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கும் விருந்தினர் அதைத் தொட்டுத்தான் ஆட்டோக்காரரிடம் காட்டுவார். வீதிக்குப் பிரெஞ்சுப் பெயரும் தமிழ்ப் பெயரும் இருக்கும் ஊரில் எழுத்தை மட்டும் நம்பினால் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். கதவு எண், வீதிப் பெயர், அஞ்சல் குறியீடு மூன்றையும் கொடுத்துவிட்டு, வரைபடத்தில் புள்ளி உங்கள் வாசலில்தான் விழுகிறதா என்று பாருங்கள். நகரின் நடுப்பகுதிக்கு 605001. ஆரோவில் பக்கத்து விடுதிக்காரர்கள் பலர் புதுச்சேரி என்றே முகவரி கொடுக்கிறார்கள். அந்த இடம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. விருந்தினரைச் சுற்றவிடாமல் சரியாகக் கொடுங்கள். தரைவழித் தொலைபேசி எண் கொடுத்தால், நாட்டுக் குறியீடு +91 என்று வைத்து 0413இன் முதல் பூஜ்யத்தை விட்டு 413 என்று தொடங்குங்கள். பூஜ்யத்தோடு போட்டால் பிரான்சிலிருந்து அழைப்பவருக்கு எண் கிடைக்காது.

போட்டோகிராபரின் நிலை இதற்கு நேர்மாறு. அவருக்குக் கடை இல்லை. முகவரி என்றால் வீட்டு முகவரிதான். அதைப் பொதுவில் வைக்கவே கூடாது. கிரியேட்டர் கணக்கில் வாட்ஸ்அப்புக்குப் பொத்தான் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. பக்கத்தில் ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம். தனிக்கணக்குக்கும் இந்த வசதி உண்டு. இணைப்பை இப்படி எழுதவேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91க்குப் பின் பத்து இலக்க எண். கூட்டல் குறி, இடைவெளி, முன்பூஜ்யம் எதுவும் வரக்கூடாது. வந்தால் இணைப்பு திறக்காது. அதேபோல ஜோடிகள் சந்திக்கவேண்டிய இடத்துக்கு, காந்தி சிலைக்கோ பாரதி பூங்கா வாசலுக்கோ, வரைபட இணைப்பு ஒன்றை வைத்துவிடலாம். இப்படிப் பார்த்தால் பிசினஸ் தரும் தொடர்பு வசதியில் பெரும்பகுதியை இணைப்புகளாலேயே ஈடுகட்ட முடியும்.

எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாற்றும்போது வரும் தொடர்புத் திரையில், நீங்கள் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த சொந்த எண்ணும் மின்னஞ்சலும் தயாராக நிரப்பப்பட்டிருக்கும். யோசிக்காமல் அடுத்ததைத் தொட்டால் அவை பொதுவில் போய்விடும். அங்கேயே Don't use my contact info என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பே மாற்றிவிட்டவர்கள் Edit profile பகுதிக்குள் போய்த் தொடர்பு விவரத்தை மாற்றலாம், Display contact info என்பதை அணைத்தும் வைக்கலாம். தொழிலுக்கென்று தனி சிம் ஒன்று வாங்கி அதைக் கொடுப்பதே நல்லது. வங்கிக்கு ஓடிபி வரும் எண்ணைத் தொழில் பக்கத்தில் போடாதீர்கள்.

இந்தத் திரை எவ்வளவு பெரிய விஷயமாகும் என்பதற்கு அயர்லாந்தில் நடந்தது சாட்சி. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பலர், தங்கள் பதிவுக்கு எத்தனை பார்வை என்று பார்ப்பதற்காகவே பிசினஸ் கணக்குக்கு மாறினார்கள். அதனால் அவர்களுடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பொதுவில் தெரிந்தன. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 40.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பெண்ணோ பையனோ நடன வீடியோ போட்டுவிட்டு 'இன்சைட்ஸ் பார்க்கணும்ப்பா' என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரையை நீங்களே கடத்திவிடுங்கள்.

செய்திப் பெட்டியிலும் மாற்றம் உண்டு. வரும் செய்திகள் Primary, General என்று இரண்டாகப் பிரியும். வாடிக்கையாளரை முதலாவதிலும் மற்றவரை இரண்டாவதிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் சேமித்து வைத்து அனுப்பலாம். புதிதாக வருபவருக்கு நான்கு கேள்விகள் வரை முன்கூட்டியே காட்டி, தொட்டதும் பதில் போகும்படி செய்யலாம். போட்டோகிராபருக்கு அந்த நான்கும் கட்டணம், நேரம், மழை வந்தால் என்ன, படம் எத்தனை நாளில் வரும் என்பவையாக இருக்கவேண்டும். காலை ஷூட்டில் கை ஓயாத நேரத்தில் வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

போட்டோகிராபருக்கு என் தீர்ப்பு கிரியேட்டர். அவரைத் தேடி வருபவர்கள் அவருடைய கண்ணைத் தேடி வருகிறார்கள். போய் நிற்க ஒரு கடைவாசல் இல்லை. தன் ரசனைக்காக அவர் போடும் ரீல்ஸில் பாட்டு இருக்கட்டும். விலை, சலுகை, விடுதி கொடுத்த பணம் என்று எது வந்தாலும் சுத்தப் பிரதியும் சொந்த ஒலியும்தான்.

விடுதிக்கும், மிஷன் வீதித் துணிக்கடைக்கும், வில்லியனூர் சுடுமண் பொம்மை விற்பவருக்கும் பிசினஸ். அவர்கள் போடும் ஒவ்வொரு பதிவும் விற்பனைக்கானது. சினிமாப் பாட்டு எப்படியும் அவர்களுக்கு உரியதல்ல. பூட்டிய பட்டியல் அவர்களைத் தவறு செய்யவிடாமல் தடுக்கிறது. வழிகாட்டும் பொத்தானும் அவர்களுக்குத்தான் தேவை. விற்பதற்கு எதுவும் இல்லாமல் ஊரின் அழகைப் படம் எடுத்துப் போடுபவருக்கு இரண்டும் வேண்டாம்; தனிக்கணக்கே போதும், பூட்டி வைக்கும் உரிமையும் கையில் இருக்கும்.

மாற்றி முடித்த அன்றே, உங்களைப் பின்தொடராத ஒருவரின் கைபேசியை வாங்கி உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொடர்புப் பொத்தானைத் தொட்டால் எந்த எண் வருகிறது? இணைப்பு வாட்ஸ்அப்பைத் திறக்கிறதா? வரைபடம் எந்த வீதியில் கொண்டுபோய் நிறுத்துகிறது? பழைய குடும்பப் படம் ஏதாவது தெரிகிறதா? இவ்வளவும் சரியாக இருந்தபின் பக்கத்தின் பெயரை விசிட்டிங் கார்டில் அச்சடிக்கக் கொடுங்கள்.